மாவுக் கடை பொங்கல் விடுமுறை: வாட்ஸப் செய்தியை மரியாதையாக மாற்ற உதவி தேவை

மாவுக்கடை மருமகள்:
திருவான்மியூரில் என் மாமனார் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறார். விடுமுறை என்றால் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அவரே செய்தி அனுப்பிவிடுவார். இந்த முறை எழுதியிருப்பது:

"நாளையிலிருந்து கடை லீவு. ஊருக்குப் போகிறோம். திங்கள் வரை மாவு கிடையாது. யாரும் போன் செய்ய வேண்டாம்."

அனுப்பவிடாமல் பிடித்து வைத்திருக்கிறேன். 2026 ஜனவரி 14, போகியன்று மூடி, 19 திங்கள் காலையில் திறப்போம். பெரும்பாலோர் தினமும் வீட்டில் மாவு வாங்கி, மாதக் கடைசியில் பணம் தருபவர்கள். எப்படி மாற்றலாம்?

அடையாறு ஓய்வூதியர்:
மூன்று நாளாவது முன்னதாக அனுப்பச் சொல்லுங்கள். "வாடிக்கையாளப் பெருமக்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று தொடங்கினால் மரியாதை தானாக வந்துவிடும்.

பழைய மருந்துக்கடைக்காரர்:
முன்னதாக அனுப்பச் சொன்னது சரி. 'யாதெனில்' போட்டால் மின்தடை அறிவிப்பு போலாகிவிடும், பாதியில் மூடிவிடுவார்கள்.

மாமனார் செய்தியில் குறை தொனியில் மட்டும் இல்லை. 'நாளை' என்பதை மறுநாள் திறந்து படிப்பவர் ஒரு நாள் தள்ளி எண்ணுவார். 'திங்கள் வரை' என்றால் திங்களன்று கடை உண்டா, இல்லையா? தேதியையும் கிழமையையும் சேர்த்து எழுதி, திறக்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். கடைசியாக எப்போது மாவு கிடைக்கும், மாதக் கணக்கு என்ன ஆகும் என்பதுதான் வாங்குபவர் கவலை. இப்படி எழுதலாம்:

"வணக்கம். பொங்கலை முன்னிட்டு ஜனவரி 14 புதன் முதல் 18 ஞாயிறு வரை கடைக்கு விடுமுறை. கூடுதல் மாவு வேண்டுவோர் 12 திங்கள் மாலைக்குள் சொன்னால், 13 செவ்வாய் காலை வீட்டில் கொடுத்துவிடுகிறோம். விடுமுறை நாட்களுக்கு மாதக் கணக்கில் பணம் சேராது. 19 திங்கள் காலை 6 மணி முதல் வழக்கம்போல் மாவு வரும். சிரமத்துக்குப் பொறுத்தருளுங்கள். பொங்கல் வாழ்த்துகள்."

'போன் செய்ய வேண்டாம்' என்ற வரி தேவையே இல்லை. எல்லாம் தெரிந்தவர் ஏன் அழைக்கப் போகிறார்? 'ஊருக்குப் போகிறோம்' என்பதையும் எடுத்துவிட்டேன். பூட்டிய வீட்டை ஊருக்கெல்லாம் சொல்வானேன்?

தையல் அக்கா, பல்லாவரம்:
கடை ஷட்டரில் ஒட்டவா கேட்கிறீர்கள்? நான் அட்டையில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுவேன். ஆனால் துணி கொடுத்தவர்களுக்கு மட்டும் தனித்தனியாகச் சொல்வேன். கல்யாண ரவிக்கை உள்ளே மாட்டிக்கொண்டால், அட்டையைப் பார்த்தா சமாதானமாவார்கள்?

மாவுக்கடை மருமகள்:
ஷட்டருக்கு இல்லை அக்கா, வாட்ஸப்புக்குத்தான். ஆனால் உங்கள் கேள்வி எனக்கும் பொருந்துகிறது. போன தீபாவளிக்கு அனுப்பியது சிலருக்குப் போய்ச் சேரவே இல்லை.

பழைய மருந்துக்கடைக்காரர்:
'பிராட்காஸ்ட்' பட்டியலில் அனுப்பினால், கடை எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும். ஒற்றை டிக் மாறாமல் நிற்கும் பெயர்களைப் பார்த்துத் தனியாக அனுப்புங்கள்.

மாவுக்கடை மருமகள்:
மாமனாரிடம் காட்டினேன். கணக்கு வரி பிடித்துவிட்டது. 'ஊருக்குப் போகிறோம்' என்பதை மட்டும் விடமாட்டேன் என்கிறார். சொல்லாவிட்டால் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்களாம்.

அடையாறு ஓய்வூதியர்:
அதில் அவர் பக்கம்தான் நான்.