எட்டுக் கட்டத்துக்கு ஒன்பது என்ன? ஒரு சொல் தேவை

மாலதி, பாகான் செராய்

குழுவினருக்கு வணக்கம்.

மாலை வகுப்புக்கு வரும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம், சதுரங்கப் பலகையில் மொத்தம் எத்தனை செவ்வகங்கள் என்று கேட்டேன். சதுரமும் ஒரு செவ்வகம்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் அதில் குழப்பம் வரவில்லை. வழியையும் சொல்லிக் கொடுத்தேன்: நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு எடுத்தால் ஒரு செவ்வகம். விடை 1296 வர வேண்டும். நான்கு பிள்ளைகள் 784 என்று எழுதினார்கள். ஒரு சிறுமி 441 என்று எழுதினாள்.

784 எழுதியவர்கள் கோடு எட்டு என்று எடுத்திருக்கிறார்கள். எட்டில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 28 வழி, 28 × 28 = 784. அந்தச் சிறுமி உள்ளே இருக்கும் ஏழு கோடுகளை மட்டும் எடுத்திருக்கிறாள்; அதற்கு 21 வழி, 21 × 21 = 441. ஏனம்மா என்று கேட்டதற்கு, "ஓரத்தில இருக்கறது பலகையோட சட்டம் டீச்சர், கோடு இல்லையே" என்றாள். பலகையை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சொல்லப்போனால் அதில் கோடே கிடையாது, கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் இடம்தான் இருக்கிறது.

ஆகவே "கோடு" போதவில்லை. கட்டத்தைக் கட்டத்திலிருந்தும், ஓரக் கட்டத்தை வெளியிலிருந்தும் பிரிப்பதற்கு ஒரே சொல் வேண்டும். வரப்பு என்று வைக்கலாமா? எங்கள் ஊரில் ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் வயல். பிள்ளைகள் பள்ளி வேனிலிருந்து தினமும் வரப்பைப் பார்க்கிறார்கள். இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு ஒன்றுதான். கடைசி வயலுக்கும் வெளிப்பக்கம் வரப்பு உண்டு.

குணா, ஈப்போ

மாலதி அக்கா, புதுச் சொல்லே வேண்டாம் என்று நினைக்கிறேன். நிரை, நிரல் என்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு செவ்வகம் எந்த நிரலில் தொடங்குகிறது, எந்த நிரலில் முடிகிறது என்று சொன்னால் போதுமே. எட்டு நிரலில் இரண்டு, எட்டு நிரையில் இரண்டு. அப்படிப் பார்த்தால் 784தானே வருகிறது? 1296இல் ஏதோ இரண்டு முறை எண்ணப்படுகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்று, சதுரங்கம் என்ற பெயரே சதுரத்திலிருந்து வந்ததுதான். சொல் வேண்டுமென்றால் "சதுரக்கோடு" என்று வைக்கலாம்.

செல்லையா, தைப்பிங்

தம்பி குணா, பெரிய பலகையில் சந்தேகம் வந்தால் சின்னப் பலகைக்குப் போங்கள். இரண்டுக்கு இரண்டு கட்டத்தை வரைந்து விரலால் எண்ணுங்கள். ஒற்றைக் கட்டம் நான்கு, இரண்டு கட்டம் சேர்ந்தது நான்கு, முழுப் பலகை ஒன்று. ஆக ஒன்பது. மாலதியின் வழியில் மூன்று கோட்டில் இரண்டைத் தேர்ந்தெடுக்க மூன்று வழி, 3 × 3 = 9. உங்கள் வழியில் இரண்டு நிரலில் இரண்டு, இரண்டு நிரையில் இரண்டு. விடை 1. முழுப் பலகை மட்டும்தான் கிடைக்கிறது.

விடுபட்டது என்ன? தொடங்கும் நிரலும் முடியும் நிரலும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று நீங்கள் வைத்துக்கொண்டதால், ஒரு கட்ட அகலமோ ஒரு கட்ட உயரமோ உள்ள செவ்வகங்கள் எல்லாம் போய்விட்டன. தொடங்கிய நிரலிலேயே முடியலாம் என்று விட்டால் 28உடன் இன்னும் 8 சேரும். 36 × 36 = 1296. உங்கள் யோசனை நல்லதுதான், அந்த எட்டைச் சேர்த்தால் முழுமையாகிவிடும். மாலதி, 784 எழுதிய பிள்ளைகளில் யாராவது இப்படி எண்ணினார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய திருத்தம் வேறு.

சதுரங்கம் சதுரத்திலிருந்து வரவில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு உறுப்புள்ள படை அது. மலாயில் "சாத்தூர்" என்கிறார்களே, அதுவும் அதே வேர்தான்.

முத்தையா, பாகான் செராய்

நான் தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்தவன். நிரை என்றால் எங்களுக்கு மரம் நிற்கும் வரிசை, பால் வெட்டுக்கு ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரிப்போம். குணா தம்பி சொல்லும் நிரை இரண்டு வரிசைக்கு நடுவே உள்ள இடம் மாதிரி இருக்கிறது. இங்கே அந்தச் சொல் பிள்ளைகளைத் திருப்பிவிடும்.

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மூன்றுக்கு மூன்று மரம், நான்கு மூலையிலும் மரம் இருக்கிற சதுரம் எத்தனை? சின்னது நான்கு, பெரியது ஒன்று, ஐந்து என்றுதான் சூத்திரம் சொல்கிறது. எனக்கு ஆறு வருகிறது. நான்கு பக்கத்தின் நடு மரங்களைச் சேர்த்தால் சாய்ந்த சதுரம் ஒன்று நிற்கிறதே!

செல்லையா, தைப்பிங்

ஐயா, ஆறு சரி. ஆனால் அது வேறு கேள்விக்கு விடை. நீங்கள் புள்ளிகளை எண்ணுகிறீர்கள், கோலத்துக்கு வைப்பது போல. மாலதி கேட்டது கோட்டின் மேல் பக்கங்கள் படுத்திருக்கும் உருவங்களை. ஒன்பதுக்கு ஒன்பது புள்ளியில் சாய்ந்தவற்றையும் சேர்த்தால் சதுரம் 540 (81 × 80 ÷ 12). பலகையின் கோட்டிலேயே அமைந்தவை 204 மட்டும். வரப்பு என்ற சொல்லுக்கு இது ஒரு வலு. வயலில் சாய்வாக வரப்பு ஓடுவதில்லை, ஆகவே சாய்ந்த சதுரத்துக்கு இடமில்லை என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது.

மாலதி, பாகான் செராய்

நேற்று முயன்று பார்த்தேன். பலகையை விட்டுவிட்டு, மூன்றுக்கு நான்கு கட்டம் கொடுத்து, "வரப்பு எத்தனை?" என்று மட்டும் கேட்டேன். 441 எழுதிய சிறுமி, நான் சொல்லாமலேயே, ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் ஐந்து என்றாள். நான்கில் இரண்டு 6, ஐந்தில் இரண்டு 10, செவ்வகம் 60. எல்லோருக்கும் வந்தது.

சதுரத்துக்கு, இரண்டு திசையிலும் ஒரே இடைவெளி உள்ள வரப்புச் சோடியைத் தேடச் சொன்னேன். இடைவெளி ஒன்று: 3 × 4 = 12. இரண்டு: 2 × 3 = 6. மூன்று: 1 × 2 = 2. மொத்தம் 20. அப்புறம் சதுரங்கப் பலகைக்குத் திரும்பினோம். இடைவெளி ஒன்று என்றால் சோடி 8, இரண்டு என்றால் 7, இப்படியே இறங்கி எட்டு என்றால் 1. ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டி, 64, 49, 36 என்று 204 வரை அவர்களே போய்விட்டார்கள். 8 × 9 × 17 ÷ 6 என்ற சூத்திரத்தைப் பிறகுதான் எழுதினேன்.

ஒரு பையன் மட்டும் ஒப்பவில்லை. "வரப்பில நடக்கலாம் டீச்சர், கோட்டுக்கு ஏது அகலம்?" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம் செல்லையா ஐயா, நீங்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். 784 எழுதிய நால்வரில் ஒருவன் குணா மாதிரியேதான், கட்டத்திலிருந்து கட்டத்துக்கு எண்ணியிருக்கிறான்.

குணா, ஈப்போ

ஐயா, 2 × 2 வரைந்து பார்த்தேன், தெளிந்தது. அச்சில் "கட்டக்கோடு" என்றும் வகுப்பில் "வரப்பு" என்றும் வைத்துக்கொள்ளலாமா? கணினி நிரலில் எழுதும்போது முதல் வரப்புக்கு 0 என்று எண் கொடுத்தால் வசதி. மூன்றாம் கட்டம் 2க்கும் 3க்கும் நடுவே என்று ஆகிவிடும்; கழித்தால் அகலம் கிடைக்கும்.

மாலதி, பாகான் செராய்

அகலம் கிடைக்கும், ஆனால் கடைசி வரப்பின் எண் 8 ஆகிவிடுமே தம்பி. அதைப் பார்த்து எட்டு வரப்பு என்று எழுதினால் மறுபடி 784தான். 0 வேண்டாம் என்பது என் பக்கம். செல்லையா ஐயா என்ன சொல்கிறீர்கள்?