கவுன்டர் வரவேற்பு வசனம்: 12 வகை எழுதியும் ஒட்டவில்லை, உதவுங்கள்

கிளை_ஊழியர்
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வங்கிக் கிளையில் வாடிக்கையாளரை வரவேற்கும் வசனங்களை எழுதும் பொறுப்பை மேலாளர் எனக்குக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலைக்குள் வேண்டுமாம். காலை, மதியம், மாலை என்று மூன்று நேரம். சிறுவர், இளைஞர், நடுவயது, மூத்தவர் என்று நான்கு வயது. மொத்தம் 12 வசனம் எழுதிவிட்டேன். இன்று சோதித்துப் பார்த்ததில் சரிப்படவில்லை. சொல்கிறவர்கள் தடுமாறுகிறார்கள், கேட்கிறவர்கள் முகம் மாறுகிறது. எங்கே தப்பு? நல்ல மாதிரி இருந்தால் போடுங்கள். அவசரம்.

மாலதி_க
எழுதியதில் இரண்டு மூன்றையாவது இங்கே போட்டால்தானே சொல்ல முடியும்? யார் சொல்லப்போகிறார்கள், வாசலில் நிற்பவரா, கவுன்டரில் இருப்பவரா? டோக்கன் முறையா, வரிசையா?

வட்டக்குரல்
எந்த மென்பொருளில் ஏற்றப் போகிறீர்கள்? தொலைபேசியில் பதிவுசெய்த குரலுக்கு வயது பார்க்க முடியாது. நேரத்தை மட்டும் வைத்து மூன்று பதிவு போதும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் செய்தோம், இரண்டே நாளில் முடிந்தது.

மாலதி_க
@வட்டக்குரல் அவர் கேட்பது நேரில் பேசும் ஊழியர்களுக்கு என்று நினைக்கிறேன்.

சொல்லாய்வன்
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். போகட்டும். உங்கள் வசனங்கள் ‘காலை வணக்கம்’ என்றுதான் தொடங்கியிருக்கும், பார்க்காமலே சொல்கிறேன். ஆங்கில வழக்கத்தைப் பார்த்துச் செய்த சொல் அது. வணக்கத்துக்கு நேரம் கிடையாது. முதலில் அதை எடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

கிளை_ஊழியர்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நேரில் பேசுவதற்குத்தான். நான்கு கவுன்டர், டோக்கன் முறை. கவுன்டரில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும், கண்ணாடித் தடுப்பு உண்டு. மூத்தவருக்கு எழுதியது: “இனிய காலை வணக்கம் அம்மா, மெதுவாக வந்து உட்காருங்கள், உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?” இளைஞருக்கு: “ஹாய், காலை வணக்கம்! இன்று என்ன செய்யலாம்?”

இன்று இரண்டு சம்பவம். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மையாரிடம் மூத்தவர் வசனத்தைச் சொன்னோம். “மெதுவாக” என்ற சொல்லிலேயே அவர் நின்றுவிட்டார். “நான் நன்றாகத்தான் நடக்கிறேன்” என்றார். இன்னொன்று 12:20 மணிக்கு. எங்கள் பெண் ‘காலை வணக்கம்’ என்றதும் வாடிக்கையாளர் கடிகாரத்தைக் காட்டினார். அதன்பிறகு அவள் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறாள்.

தோழி_வி
மூத்தவர்களை உறவு முறையில் கூப்பிட்டால் மனம் குளிரும். தாத்தா, பாட்டி, தம்பி, தங்கச்சி என்று போடுங்கள். நான் துணிக்கடையில் இருந்தபோது எல்லோரையும் “அக்கா” என்றுதான் கூப்பிடுவேன், ஒருவரும் கோபப்பட்டதில்லை.

மாலதி_க
துணிக்கடைக்கு அது சரி. வங்கியில் ஐம்பத்தைந்து வயதுக்காரரைத் தாத்தா என்று கூப்பிட்டால் அவர் முகத்தை நான் பார்க்க விரும்பவில்லை. இளைஞர்களைத் தம்பி என்று தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் “கையெழுத்துப் போடு” என்று ஒருமைக்கு இறங்கிவிடும். முதல் கணக்குத் தொடங்க வரும் பதினெட்டு வயதுப் பையனுக்கும் ‘நீங்க’தான் வேண்டும்.

முன்னாள்_கிளைமேலாளர்
நான் கவுன்டரில் தொடங்கி, பல வருடம் கிளை மேலாளராக இருந்து, பிறகு புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவன். உங்கள் தவறு மொழியில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது.

12 கட்டம் போட்டீர்கள். டோக்கன் எண் ஒளிர்ந்து ஆள் எழுந்து வருவதற்குள், சில நொடியில், ஊழியர் ஒரு மனிதரின் வயதைக் கணிக்க வேண்டும், கடிகாரம் பார்க்க வேண்டும், பிறகு 12-ல் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் அவர் எதிரில் நிற்பார், உங்கள் ஆளின் கண் கடிகாரத்தில் இருக்கும். வரவேற்பு அங்கேயே போய்விட்டது. கணிப்பு தவறினால் அவமதிப்பு வேறு. நரைத்த தலை வயதைச் சொல்லாது.

அதனால் முதல் வரி எல்லோருக்கும் ஒன்றே இருக்கட்டும்: “வணக்கம், வாங்க.” இரண்டே சொல். எந்த நேரத்துக்கும் பொருந்தும், எந்த வயதும் வருத்தப்படாது. நாம் வீட்டுக்கு வருகிறவரை வயது பார்த்தா “வாங்க” என்கிறோம்?

நேரத்தை முதல் வரியில் தேடாதீர்கள், இரண்டாம் வரியில் தேடுங்கள். அவர் எவ்வளவு காத்திருந்தார் என்பதுதான் நேரத்தின் வேறுபாடு. கிளை திறந்தவுடன் வருகிறவருக்கு “என்ன வேலையா வந்தீங்க?” போதும். கூட்ட நேரத்தில் அரை மணி உட்கார்ந்திருந்தவரிடம் “வணக்கம், வாங்க. ரொம்ப நேரம் காத்திருந்தீங்க” என்று ஒரு வரி முதலில் வர வேண்டும். அது இல்லாமல் சிரித்துக்கொண்டு “எவ்வாறு உதவலாம்” என்றால் எரிச்சல்தான் வரும்.

சொல்லாய்வன்
‘காலை வணக்கம்’ தேவையில்லை என்று நான் சொன்னதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறீர்கள்.

தோழி_வி
@சொல்லாய்வன் என் குழந்தைகள் பள்ளியில் தினமும் காலை வணக்கம் சொல்கிறார்கள். மக்கள் நாவில் புழங்கினால் அது தமிழ்தான். நீங்கள் எழுதும் ‘இழை’ எப்போது வந்த சொல்?

சொல்லாய்வன்
பிறமொழியை அப்படியே நகல் எடுப்பது வேறு, புதுக் கருவிக்குப் பெயர் வைப்பது வேறு. வேறுபாட்டை உணர்ந்துவிட்டுப் பேசவும். கேள்வி கேட்டவர் ஐயா, அம்மா என்றே எழுதட்டும், சார், மேடம் வேண்டாம்.

மாலதி_க
அதிலும் சிக்கல் இருக்கிறது. முப்பது வயதுப் பெண்ணை “அம்மா” என்று கூப்பிட்டால் பலருக்குப் பிடிக்காது, “மேடம்” பழகிவிட்டது. அறுபது வயதுக்காரருக்கு “ஐயா” மரியாதை, இருபத்தைந்து வயதுக்காரருக்கு அது கேலி போலக் கேட்கும்.

சொல்லாய்வன்
பழக்கினால் பழகும்.

முன்னாள்_கிளைமேலாளர்
முதல் வரியில் விளிச்சொல்லே இல்லாமல் பேசலாம். “வாங்க”வுக்குள்ளேயே மரியாதை இருக்கிறது. தேவைப்பட்டால் அவர் பேசத் தொடங்கிய பிறகு, அவர் பேச்சுக்கு ஏற்றபடி வரட்டும்.

செவித்திறன்_பணி
நான் காது கேட்கும் திறன் சோதனை செய்கிறவள். வயதை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம் என்று சொல்லத்தான் வந்தேன். வரவேற்புச் சொற்களில் வயது தேவையில்லை என்பது சரி. சொல்லும் விதத்தில் தேவை.

வயதாகும்போது பெரும்பாலும் கூர்மையான ஒலிகள்தான் முதலில் மங்கும். குரல் வருவது தெரியும், சொல் பிரியாது. “கேட்குது, புரியல” என்பார்கள். உயிரொலி கேட்கும், ச, த, க போன்றவை நழுவும். கண்ணாடித் தடுப்பும் அதே ஒலிகளைத்தான் மேலும் மழுங்கடிக்கும். ஊழியர் உடனே குரலை உயர்த்துவார். கத்தினால் சத்தம் கூடுமே தவிர சொல் தெளியாது, கேட்பவருக்குத் திட்டுவது போலவும் இருக்கும். முகத்தை நேராகக் காட்டி, சுருதி சற்றுத் தாழ்ந்த குரலில், ஒரு மூச்சுக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும். உங்கள் மூத்தவர் வசனத்தில் வணக்கம், உட்காருங்கள், உதவலாமா மூன்றும் ஒரே ஓட்டத்தில் இருக்கின்றன. மூன்றில் ஒன்றுகூடப் பிடிபடாது. கேட்காதது போலத் தெரிந்தால் அதையே திரும்பச் சொல்லாமல் சொல்லை மாற்றிக் கேளுங்கள்.

முன்னாள்_கிளைமேலாளர்
இதை நான் விட்டுவிட்டேன், நன்றி. இதோடு ஒட்டிய ஆபத்து ஒன்று உண்டு. குரல் உயரும்போது “எவ்வளவு எடுக்கணும்?” என்பதும் கூடமெல்லாம் கேட்கும், பதிலும் கேட்கும். பணத்தோடு வெளியே போகும் மூத்தவரை யாராவது பின்தொடர அதுவே போதும். அதனால் வரவேற்பிலும் அடுத்த கேள்வியிலும் தொகை, கணக்கு எண் எதுவும் வாயால் வரக்கூடாது என்று எழுதிவிடுங்கள். தாளில் எழுதிக் காட்டச் சொல்லலாம்.

இன்னொன்று, மகனோ மகளோ கூட வந்தால் ஊழியர் இயல்பாக அவர்களிடம் பேசத் தொடங்கிவிடுவார். கணக்கு யாருடையது என்று தெரியும் வரை கண் இருவரையும் பார்க்க வேண்டும். தெரிந்த பிறகு முதல் சொல் கணக்குக்காரருக்குத்தான்.

தோழி_வி
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூடும் நேரத்தில் வருகிறவருக்கு என்ன சொல்வது? அங்கேதான் எல்லோரும் கடுகடுப்பார்கள்.

முன்னாள்_கிளைமேலாளர்
நல்ல கேள்வி. ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். மூடப் பத்து நிமிடம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பாதி நிரப்பிய படிவத்தோடு வருகிறார். வழக்கமாக ஊழியர் சொல்லும் முதல் வரி: “மூடப் போறோம், சீக்கிரம் சொல்லுங்க.” வந்தவர் பதறிப் படிவத்தைத் தப்பாக நிரப்புவார், வேலை இன்னும் இழுக்கும்.

இப்படிச் சொல்லட்டும்: “வணக்கம், வாங்க.” அவர் உட்காரட்டும். “என்ன வேலையா வந்தீங்க?” நிறுத்தி, கேட்க வேண்டும். இதுவரை நேரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. வேலை என்னவென்று தெரிந்த பிறகுதான் நேரம் வரும். பணம் எடுப்பது மட்டும் என்றால், “இது இன்னைக்கே முடிஞ்சிடும்.” வைப்புத்தொகையைப் புதுப்பிப்பது போன்ற நீண்ட வேலை என்றால், “இதுக்கு இருபது நிமிஷம் ஆகும். படிவத்தை இப்பவே சரிபார்த்துத் தர்றேன். மீதியை நாளைக்குக் காலையில முடிச்சுக்கலாமா?” வெறும் ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்பாதீர்கள். சரிபார்த்த படிவம் கையில் இருந்தால் அவர் வந்தது வீணாகவில்லை.

மாலதி_க
குழந்தைகளுக்கு? அந்தக் கட்டத்தையும் எடுத்துவிடலாமா?

முன்னாள்_கிளைமேலாளர்
குழந்தை தனியாக வராது. பெற்றோருக்கு “வாங்க” சொன்ன பிறகு குழந்தையைப் பார்த்து ஒரு “வா, வா” போதும். அங்கே மட்டும் ஒருமை வரலாம். சிறுவர் சேமிப்புக் கணக்குக்கு என்றால் பெயரைக் குழந்தையிடமே கேளுங்கள், பதில் பெற்றோரிடமிருந்து வந்தாலும் பரவாயில்லை.

சொல்லாய்வன்
‘டோக்கன்’ என்பதற்கு ‘அடையாள வில்லை’ என்று எழுதுங்கள்.

வட்டக்குரல்
எண்ணை அழைக்கும் ஒலிபெருக்கிக்காவது என் மூன்று பதிவு உதவுமே?

கிளை_ஊழியர்
மதியத்துக்கு மேல் நான் மட்டும் என் கவுன்டரில் “வணக்கம், வாங்க” வைத்துப் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு பெரியவருக்குக் கேட்கவில்லை, குரலைத் தாழ்த்தி “பணம் எடுக்கவா, போடவா?” என்று மாற்றிக் கேட்டதும் தலையாட்டினார். ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்தேன். வயது வாரியாக அட்டவணை இல்லையே என்று கேட்கிறார். ஐயாவா, சாரா என்றும் கேட்டார், ஊழியர் விருப்பம் என்று விட்டிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

முன்னாள்_கிளைமேலாளர்
அந்த 12:20 சம்பவத்தை அவரிடம் சொன்னீர்களா?