கை ஏற்றும் இடத்தில் தேங்கும் 400 பீஸ்: மேப்பை எப்படிப் படிப்பது?

பண்டல்சீட்டு (கேள்வி):
எங்கள் டீ-சர்ட் லைனுக்கு வேல்யூ ஸ்ட்ரீம் மேப் வரைந்திருக்கிறேன். ஷிப்ட் 480 நிமிடம், நாளுக்கு 800 பீஸ், 22 டைலர்கள், பண்டலுக்கு 20 பீஸ். மெஷின்களுக்கு இடையே எண்ணியதில் கழுத்து ரிப்புக்கு முன் 160, கை ஏற்றுவதற்கு முன் 400, சைடுக்கு முன் 60, பாட்டத்துக்கு முன் 60, செக்கிங்குக்கு முன் 120 இருந்தன. மேப்பின் அடிக்கோட்டில் நேரங்களைக் கூட்டினால் காத்திருப்பு 480 நிமிடம், தையல் 8 நிமிடம் என்று வருகிறது. கை ஏற்ற இப்போது இரண்டு ஓவர்லாக் உள்ளன. மூன்றாவதைப் போட்டால் அங்குள்ள 240 நிமிடக் காத்திருப்பு குறையுமா?

ஓவர்லாக்சாமி:
கட்டாயம் குறையும். மேப்பில் தேங்கிய பீஸைக் காட்டும் முக்கோணங்களில் எது பெரியதோ அதற்கு அடுத்த மெஷின்தான் லைனைப் பிடித்து நிறுத்துகிறது என்பது என் அனுபவம். 400 பீஸ் ஓரிடத்தில் குவிந்திருக்கிறது என்றால் அங்கே தைப்பவர்களால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதானே பொருள்? யோசித்துக்கொண்டிருக்காமல் மெஷினைப் போடுங்கள்.

தாரைவார்ப்பு:
மெஷினை இறக்குவதற்கு முன் அரை மணி நேரம் அந்த இடத்தில் நின்று பாருங்கள். கை ஏற்றும் டைலர்கள் இருவரும் தலை நிமிராமல் தைக்கிறார்களா, அல்லது பண்டலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைக்கிறார்களா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. முன்னால் குவியல் இருக்கும்போதே ஒரு மெஷின் நிற்கிறது என்றால், தடை அந்த மெஷினில் இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம், கை ஏற்றும் இடம் மற்ற இடங்களைப் போன்றதல்ல. அங்கே இரண்டு ஓட்டங்கள் வந்து சேர்கின்றன. தோளும் கழுத்தும் முடிந்த பாடி ஒரு பக்கமாக வருகிறது. பேட்லாக்கில் மடித்த கை மற்றொரு பக்கமாக வருகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பாடியின் ஓட்டத்தை மட்டும் ஒரே கோடாக வரைந்து, கையை மேப்பிலேயே சேர்க்கவில்லை என்று தோன்றுகிறது. அப்படியிருந்தால் அந்த 400 எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்பதை மேப் சரியாகவே சொல்லும்; எதற்காகக் காத்திருக்கிறது என்பதைச் சொல்லாது. கைக்கு ஒரு கிளை வரைந்து, சேரும் இடத்தில் இரண்டு முக்கோணங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் உள்ள பண்டல் எண்களைக் குறித்து வாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண்கள் குவிந்திருந்தால் ஓவர்லாக்சாமி சொல்வது சரி. எண்கள் பொருந்தவில்லை என்றால் மூன்றாவது மெஷினும் மற்ற இரண்டோடு சேர்ந்து சும்மா நிற்கும்.

நூல்கண்டு:
எங்கள் யூனிட்டிலும் காத்திருப்பு பெரிய பிரச்சினைதான். ஊசி உடைந்தால் மெக்கானிக் வருவதற்குப் பத்து நிமிடம், கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுப்பதற்குச் சில நிமிடம், லேபிள் வராமல் ஒரு மதியமே போனதும் உண்டு. இவற்றையெல்லாம் குறித்துவைக்க நாங்கள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். நீங்களும் அப்படிச் செய்தால் 480 நிமிடம் எங்கே போகிறது என்பது தெரிந்துவிடும்.

தாரைவார்ப்பு:
நூல்கண்டு அவர்களே, உங்கள் நோட்டு பயனுள்ளதுதான். ஆனால் அது டைலரும் மெஷினும் காத்திருக்கும் கணக்கு. மேப்பின் அடிக்கோட்டில் வருவது துணி காத்திருக்கும் கணக்கு. எல்லா டைலர்களும் ஒரு நிமிடம்கூடச் சும்மா இராத லைனிலும் துணி ஒரு முழு ஷிப்ட் கிடப்பில் இருக்கலாம். பெரும்பாலான பண்டல் லைன்களில் நடப்பது அதுதான்.

ஓவர்லாக்சாமி:
கிளை பற்றிய கருத்தை ஏற்கிறேன். ஆனால் 240 நிமிடம் என்ற கணக்கே எனக்குச் சரியாகப் படவில்லை. கை ஏற்ற ஒரு டைலருக்கு நிமிடத்துக்கு ஒரு பீஸ் ஆகிறது என்றால், இரண்டு பேருக்கு 30 விநாடிக்கு ஒன்று. 400 பீஸ் முடிய 200 நிமிடம்தான் ஆகும். கேட்டவர் 480-ஐ 800-ஆல் வகுத்து வரும் 36 விநாடியால் பெருக்கியிருக்கிறார். அந்த மெஷினின் வேகத்தைத்தானே எடுக்க வேண்டும்?

தாரைவார்ப்பு:
அந்த இரண்டு மெஷின்களும் இடைவிடாமல் ஓடினால் உங்கள் கணக்கு சரி. ஆனால் அவை 30 விநாடிக்கு ஒன்று வீதம் ஓடினால் நாளுக்கு 960 பீஸ் வெளியே வந்திருக்க வேண்டும். லைன் தருவது 800. அப்படியானால் அவை இடையிடையே நிற்கின்றன. குவியலின் கடைசியில் இருக்கும் பீஸ் எவ்வளவு நேரம் கிடக்கும் என்பதை, அந்த இடத்தை உண்மையில் கடந்து போகும் வேகம்தான் தீர்மானிக்கிறது. அதே காரணத்தால் 640 பீஸ் மட்டுமே வரும் நாளில் அதே 400 பீஸ் 300 நிமிடம் காத்திருக்கும். எனவே 800 என்பது கேட்டவரின் இலக்கா, உண்மையில் வரும் எண்ணிக்கையா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. கேட்டவர் மெஷின்களுக்கு இடையே கிடப்பதை மட்டும் எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு டைலரின் மடியிலும் மேசையிலும் அவிழ்த்த பண்டல் ஒன்று இருக்கிறது அல்லவா? அதில் ஒரு பீஸ் ஊசிக்கடியில் இருக்கும்போது மீதி 19 பீஸ் காத்திருக்கின்றன; தைத்து முடித்ததும் பண்டல் நிறையும் வரை நகருவதில்லை. 22 டைலர்களிடம் 20 வீதம் 440 பீஸ். 36 விநாடியால் பெருக்கினால் 264 நிமிடம். இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம்: 22 பேர் 480 நிமிடம் உழைத்து 800 பீஸ் தருகிறார்கள் என்றால் ஒரு பீஸுக்கு ஆகும் உண்மையான ஆள் நேரம் 13.2 நிமிடம், பண்டலுக்கு 20 மடங்கு, அதே 264. நீங்கள் அடிக்கோட்டில் எழுதியிருக்கும் 8 நிமிடம் நிர்ணய நேரம். பண்டல் மெஷினில் தங்கும் நேரம் அன்று. ஆக, ஒரு பீஸ் லைனுக்குள் இருப்பது 744 நிமிடம், ஒன்றரை ஷிப்டுக்கும் சற்று அதிகம்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு பண்டல் சீட்டின் பின்புறத்தில் தோள் இணைக்கும் நேரத்தை எழுதி அனுப்புங்கள். இன்று காலை உள்ளே போன பண்டல் நாளை மதியத்தை ஒட்டித்தான் செக்கிங் மேசைக்கு வரும்.

பண்டல்சீட்டு:
தாரைவார்ப்பு சார், நேற்று நின்று பார்த்தேன். 800 என்பது கடந்த வாரத்தின் உண்மையான சராசரிதான். கை ஏற்றும் இடத்தில் பாடி 20 பண்டல்கள் இருந்தன. அவற்றில் 5 பண்டல்களுக்கு மட்டுமே அதே எண்ணுள்ள கை வந்திருந்தது. மறுபக்கம் மடித்த கை 14 பண்டல்கள் தனியாகக் கிடந்தன. அவற்றுக்குரிய பாடி இன்னும் கழுத்து ரிப்பிலேயே இருக்கிறது. டைலர்களில் ஒருவர் நான் நின்ற நேரத்திலேயே மூன்று முறை எழுந்து கையைத் தேடிப் போனார். வேறு பண்டலின் கையை எடுத்துப் போடலாமே என்று கேட்டதற்கு, அடுத்த ரோல் துணியின் ஷேடு மாறிவிடும், செக்கிங்கில் திரும்பி வந்துவிடும் என்றார்.

கை மடிக்கும் பேட்லாக்கில் விசாரித்தேன். இந்த ஆர்டரில் நேவி, சாம்பல், வெள்ளை என மூன்று நிறங்கள். பாடி, பண்டல் எண் வரிசைப்படி நிறங்கள் கலந்தே லைனில் இறங்குகிறது. பேட்லாக் அம்மா நேவியை எல்லாம் முதலில் மடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போகிறார், ஏனென்றால் நிறம் மாறினால் ஊசி நூல், லூப்பர் நூல் எல்லாக் கோன்களையும் மாற்ற வேண்டும்.

தாரைவார்ப்பு:
இப்போது உங்கள் 240 நிமிடம் இரண்டாகப் பிரிகிறது. கை வந்துவிட்ட 100 பீஸ், அதாவது 60 நிமிடம், மெஷினுக்காகக் காத்திருக்கிறது. மீதி 300 பீஸ், 180 நிமிடம், கைக்காகக் காத்திருக்கிறது. மூன்றாவது ஓவர்லாக் தொடக்கூடியது அந்த 60-ஐ மட்டுமே. கையும் பாடியும் ஒரே வரிசையில் ஓட வேண்டும் என்பதே என் கருத்து. பாடியையும் நிறவாரியாக இறக்குங்கள். பேட்லாக் அம்மா தன் போக்கில் மடித்தாலும் எண்கள் பொருந்திவிடும், கோன் மாற்றும் வேலையும் அதிகமாகாது.

பேக்கிங்மேசை:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் மறுக்க வேண்டியிருக்கிறது. நிறங்களைக் கலந்து இறக்குவது கட்டிங் மாஸ்டரின் அலட்சியம் அன்று. பையர் ஒவ்வொரு கார்ட்டனிலும் மூன்று நிறங்களையும் எல்லா சைஸ்களையும் விகிதப்படி கேட்டிருந்தால், நிறவாரியாகத் தைத்து வரும் நேவி அனைத்தும் வெள்ளை வரும் வரை அயர்னிங் முடிந்து என் மேசையில்தான் கிடக்கும். லைனில் 180 நிமிடத்தை மிச்சப்படுத்தி, பேக்கிங்கில் இரண்டு நாளைச் சேர்ப்பீர்கள். தையல் லைனோடு மேப்பை நிறுத்திக்கொள்பவர்களுக்கு அது தெரியவே போவதில்லை.

ஓவர்லாக்சாமி:
அப்படியென்றால் மெஷின் போட வேண்டியதுதான், ஆனால் வேறு மெஷின். கை மடிக்க இன்னொரு பேட்லாக் போட்டு அதில் வெள்ளை நூலை நிரந்தரமாகக் கோர்த்துவிடலாம். சாம்பலுக்கும் நேவிக்கும் மட்டும் கோன் மாற்றினால் போதும்.

பேக்கிங்மேசை:
அந்த இரண்டாவது பேட்லாக்கில் உட்காரும் டைலருக்கு வெள்ளை இல்லாத நேரத்தில் யார் கூலி தருவது? கை மடிப்பு எங்களிடம் பீஸ் ரேட். அந்த அம்மா நிறம் சேர்த்து மடிப்பதும் அதனால்தான். கோன் மாற்றும் நேரத்துக்கு அவருக்குக் காசு கிடையாது. அதற்கு ஒரு தொகை வைத்துக் கொடுத்தால் எண் வரிசைப்படியே மடித்துத் தருவார் என்று நினைக்கிறேன்.

தாரைவார்ப்பு:
கார்ட்டன் விகிதம் பற்றிச் சொன்னது நியாயம். அந்தத் தகவல் கேள்வியில் இல்லை. கலந்து பேக் செய்யும் ஆர்டர் என்றால் முழு ஆர்டரையும் நிறவாரியாகப் பிரிப்பதை நானும் சொல்லமாட்டேன். அரை நாளுக்கு ஒரு நிறம் என்று சிறு சிறு தொகுதிகளாக இறக்கினால் பேக்கிங்கில் தேங்குவதும் அளவோடு நிற்கும் என்பது என் கணிப்பு. கோன் மாற்றுவதற்குக் கூலி கொடுப்பதா, இப்படி இறக்குவதா என்பதில் நமக்குள் உடன்பாடு வராது போலிருக்கிறது.

பண்டல்சீட்டு, எதைச் செய்வதற்கு முன்பும் மேப்பை கார்ட்டன் மூடும் இடம் வரை நீட்டி, அயர்னிங்குக்குப் பின் கிடப்பதையும் நிறம் பிரித்து எண்ணுங்கள். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் எண்ணுவது அவசியம்; லோடிங் முடிந்த கையோடு எண்ணினால் குவியல் வேறு, ஷிப்ட் முடிவில் வேறு.

பண்டல்சீட்டு:
பேக்கிங் லிஸ்டைப் பார்த்தேன். சைஸ் மட்டும்தான் கலப்பு. கார்ட்டனுக்கு ஒரே நிறம். திங்கட்கிழமை அடுத்த லே இறங்குகிறது, அதை நிறவாரியாக இறக்கச் சொல்லி கட்டிங் மாஸ்டரிடம் பேசுகிறேன். மூன்றாவது ஓவர்லாக்கை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன்.

பேக்கிங்மேசை:
இந்த ஆர்டருக்குச் சரி. அடுத்த ஆர்டரின் பேக்கிங் லிஸ்ட் வந்ததும் இதே கேள்வியோடு திரும்பி வருவீர்கள்.