கூர்விளிம்பா, எறிவிளிம்பா? வாய்க்கால் நீரை அளக்கும் தகட்டுக்கு ஒரு சொல்

களுவாஞ்சிக்குடி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். கமக்காரர் அமைப்பு ஒன்றுக்காக, சிறு வாய்க்காலில் ஓடும் நீரை அளப்பது பற்றிய கைநூலைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வாய்க்காலுக்குக் குறுக்கே ஓர் இரும்புத் தகட்டை நிறுத்துகிறார்கள். தகட்டின் மேற்புறத்தில் அளந்து வெட்டிய வாய் ஒன்று இருக்கிறது. வருகிற நீர் முழுவதும் அந்த வாயைத் தாண்டித்தான் விழ வேண்டும். வாயின் அடிவிளிம்புக்கு மேலே நீர் எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று பார்த்தால் ஓட்டத்தின் அளவு தெரிந்துவிடும். இந்தத் தகட்டுக்கு என்ன பெயர் வைப்பது?

இப்போதைக்குக் 'கூர்முகட்டுக் கலிங்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். கலிங்கு என்ற சொல்லை நம் பகுதிக் கமக்காரர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. முகடு என்றால் வீட்டு முகடுதான் கண்ணில் நிற்கிறது. 'கூர்' மட்டும் பிழையில்லை என்று நினைக்கிறேன். திருத்துங்கள்.

ஆயித்தியமலை, கமக்காரர்:

தங்கச்சி, குளம் நிரம்பி வழிந்தால் வான் பாய்கிறது என்றுதானே சொல்கிறோம்? அப்படியானால் இதை 'வான்பலகை' என்று எழுதுங்கள். எந்த வட்டவிதானைக்கும் விளங்கும்.

எங்கள் வயற்கண்டத்திலும் இப்படி ஒன்று வைக்கச் சொல்கிறார்கள். வாய்க்கால் ஒரு மீற்றர் அகலம், பக்கங்கள் கொங்கிறீற்று. அடியிலிருந்து கரை 50 சென்ரிமீற்றர். முறைத் தண்ணீர் முழுதாக வரும்போது ஒரு கியூசெக் என்கிறார்கள்; அப்போது ஆழம் 25 சென்ரிமீற்றர். சிறுபோகத்தின் கடைசியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தகட்டால் நீர் கட்டி நின்று கரையை உடைத்துவிடுமோ என்பதுதான் எங்கள் பயம்.

நிந்தவூர், பொறியியல் மாணவர்:

அண்ணன், பயப்படத் தேவையில்லை. 90 பாகை முக்கோண வாய் வையுங்கள். குறைந்த ஓட்டத்தையும் துல்லியமாகக் காட்டும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நாங்கள் அதைத்தான் பயன்படுத்தினோம். ஓட்டம் லீற்றர்/செக்கனிலும் உயரம் சென்ரிமீற்றரிலும் என்றால்:

```
Q = 0.0138 × H^2.5
```

சொல்லைப் பொறுத்தவரை 'கூர்' கட்டாயம் வேண்டும். விளிம்பு கத்திபோல் இருக்க வேண்டும் என்பதே விதி. எங்கள் ஊரில் ஒரு தகட்டுக்கு நானே அரம் போட்டுக் கத்திமுனை ஆக்கிக் கொடுத்தேன்.

சம்மாந்துறை, இளைப்பாறிய நீர்ப்பாசனத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்:

தம்பி, அந்தத் தகட்டை ஒரு போகம் கழித்துப் போய்த் தடவிப் பாருங்கள். கத்திமுனையில் ஒரு குச்சி மோதினால் பல் விழும். மண்வெட்டி பட்டால் மடியும். பிறகு துரு தின்று உருண்டையாகும். விளிம்பு உருண்டுவிட்டால் நீர் வழுக்கிக்கொண்டு கூடுதலாகப் போகும். அட்டவணையோ பழைய கணக்கையே சொல்லும். கமக்காரர் பெற்ற நீர் ஏட்டில் குறைவாகவே பதிவாகும்.

உண்மையில் விளிம்பு ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பில் தட்டையாக இருக்க வேண்டும். நீர் வந்து மோதும் பக்கத்து மூலை மட்டும் சரியான செங்கோணமாக, மழுங்காமல் இருக்க வேண்டும். தகடு அதைவிடத் தடிப்பானால் மிச்சத் தடிப்பை நீர் விழும் பக்கத்தில் சாய்வாகச் சீவிவிடுகிறோம். இதன் நோக்கம் ஒன்றுதான்: நீர் அந்த மூலையை விட்டுத் துள்ளி எழ வேண்டும், தகட்டைத் திரும்பத் தொடாமல் விழ வேண்டும். விழும் நீருக்குப் பின்னால் விரலை விட்டால் காற்று இருக்க வேண்டும். நீர் தகட்டோடு ஒட்டி வழிந்தால் அந்த அளவு செல்லாது. உயரம் ஆறு சென்ரிமீற்றருக்குக் கீழே போனால் பெரும்பாலும் அப்படித்தான் ஒட்டும். ஆகவே 'கூர்' என்ற சொல் பிள்ளைகளை அரத்தை எடுக்க வைக்கிறது. நீர் என்ன செய்கிறது என்பதைச் சொல்கிற பெயர்தான் எனக்கு வேண்டும்.

'வான்' என்பதிலும் எனக்கு மனமில்லை. வான் பாய்வது மிஞ்சிய நீர். இங்கே பாய்வது முழு நீர். வான் பாய்ந்தால் ஊரே குளத்தைப் பார்க்கப் போகும். வாய்க்காலில் அந்தச் சொல் வேறு செய்தியைச் சொல்லிவிடும்.

இனி ஆயித்தியமலைக் கேள்விக்கு வருகிறேன். முக்கோண வாய் சிறு ஓட்டத்துக்குத் துல்லியம் என்று தம்பி சொன்னது உண்மை. ஆனால் அது உயரத்தை விழுங்கும். ஒரு கியூசெக் என்பது செக்கனுக்கு 28 லீற்றர். அதை அந்த வாயால் கடத்த நீர் 21 சென்ரிமீற்றர் எழ வேண்டும். கீழ்ப்பக்க நீர் 25 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஓடுகிறது. நீர் துள்ளி விழ வேண்டுமானால் வாயின் அடி அதற்கு மேலே இன்னும் ஐந்து சென்ரிமீற்றராவது, அதாவது 30 சென்ரிமீற்றரில் இருக்க வேண்டும். 30உம் 21உம் 51. உங்கள் கரை 50. உங்கள் பயம் சரியானது.

அகன்ற வாய் வைத்தால் உயரம் குறையும். இத்தாலியப் பொறியியலாளர் சிப்பொலெற்றி வகுத்த வடிவம் இதற்கு ஏற்றது: அடி நேர்கோடு, பக்கங்கள் நான்கு அலகு உயர்வுக்கு ஓர் அலகு வெளியே சாய்ந்திருக்கும். பக்க மூலைகளில் நீர் சுருங்குவதால் வரும் இழப்பை அந்தச் சாய்வே ஈடுசெய்வதால் கணக்கு எளிது. முன்சொன்ன அதே அலகுகளில், அடி நீளம் L-உம் சென்ரிமீற்றரில்:

```
Q = 0.0186 × L × H^1.5
```

அடி நீளத்தை 60 சென்ரிமீற்றராக வைத்துப் பார்த்தேன். முழு ஓட்டத்துக்கு 8.6 சென்ரிமீற்றர் எழுந்தால் போதும், கரைக்கு நல்லது. ஆனால் ஓட்டம் 10 லீற்றராகும்போது உயரம் 4.3 சென்ரிமீற்றர்தான், நீர் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். 30 ஆகக் குறைத்தால் முழு ஓட்டத்தில் 13.6 சென்ரிமீற்றர் எழும். உயரம் அடி நீளத்தின் மூன்றில் ஒன்றைத் தாண்டினால் இந்தக் கணக்கில் நம்பிக்கை வைக்க முடியாது, ஆகவே அதுவும் ஆகாது. 40 வைத்தால் முழு ஓட்டத்தில் 11.2 சென்ரிமீற்றர். மேல்நீர் 41-இல் நிற்கும், கரைக்கு இன்னும் ஒன்பது சென்ரிமீற்றர் மிச்சம். 11 லீற்றர் வரை இறங்கினாலும் உயரம் ஆறுக்குக் கீழே போகாது. வாயின் இருபுறமும் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தகடு வேண்டும். உங்கள் ஒரு மீற்றர் அகலத்தில் அது அடங்குகிறது. 40 வெட்டுங்கள். சிறுபோகக் கடைசி ஓட்டத்தை மட்டும் அது சரியாகச் சொல்லாது.

அக்கரைப்பற்று, கமக்காரர்:

எங்கள் வட்டையில் வக்கடைப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. மேல் வயல்காரர் வக்கடையை அகலமாக வெட்டிவிடுகிறார், கீழே வருவது நனையப் போதாது. வக்கடையைத் தகட்டால் அடைத்துவிடலாமா? இன்னொன்று, எங்கள் வாய்க்காலிலும் அளவுத் தகடு ஒன்று உண்டு. நாளெல்லாம் உயரம் நன்றாகக் காட்டுகிறது, வயலில் தண்ணீர் இல்லை.

சம்மாந்துறை, இளைப்பாறிய உத்தியோகத்தர்:

வக்கடையை அடைப்பது வேறு வழக்கு. அதை உங்கள் வட்டவிதானையிடம்தான் தீர்க்க வேண்டும். ஆனால் இரண்டாவது செய்தி முக்கியமானது. தகட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? ஆற்றுவாழை அடைத்திருக்கும், அல்லது யாராவது வாழைத்தண்டும் மண்ணும் போட்டு மறித்திருப்பார்கள். கீழ்நீர் ஏறி வாயின் அடியைத் தொட்டுவிட்டால் மேல்நீரும் சேர்ந்து உயரும். நீருயரம் காட்டும் அளவுகோலைப் பார்ப்பவர் நிறையத் தண்ணீர் போகிறது என்று எழுதிக்கொள்வார், ஓட்டமோ குறைந்திருக்கும். விழும் சத்தம் கேட்கவில்லையென்றால் அன்றைய அளவை எழுத வேண்டாம்.

களுவாஞ்சிக்குடி, மொழிபெயர்ப்பாளர்:

சேர், 'நீர் என்ன செய்கிறது' என்றீர்களே, அதிலிருந்து 'எறிவிளிம்பு' என்று ஒன்று தோன்றுகிறது. நீரைத் தன்னைவிட்டு எறிகிற விளிம்பு. வெட்டுக்கு 'அளவுவாய்' என்று வைக்கலாம். வாய்க்காலிலும் துருசு வாயிலும் ஏற்கெனவே 'வாய்' இருக்கிறது. முழுப்பெயர் 'எறிவிளிம்பு அளவுவாய்'. வில்லில் நாண் மாட்டும் வெட்டுக்குக் 'குதை' என்ற பழஞ்சொல் இருக்கிறது, அழகான சொல்தான். ஆனால் அதை விளக்க இன்னொரு பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

எனக்கு இன்னும் கடினமாக இருப்பது அந்த உயரத்தின் பெயர். பாடநூல் வழக்கில் 'நீர்த்தலை' என்கிறார்கள். நான் 'வாயுயரம்' என்று எழுதியிருக்கிறேன்.

சம்மாந்துறை, இளைப்பாறிய உத்தியோகத்தர்:

'எறிவிளிம்பு' எனக்குப் பிடித்திருக்கிறது, மகள். ஒட்டி வழிந்தால் அது எறியவில்லை என்று பெயரே சொல்லிவிடும்.

'வாயுயரம்' மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தப் பெயரைப் படிப்பவர் கோலை வாயிலேயே வைத்து அளப்பார். விழப்போகும் நீர் வாயை நெருங்கும்போதே தாழ்ந்துவிடுகிறது. மேலே எட்டு சென்ரிமீற்றர் இருக்கும்போது தகட்டில் ஏழுதான் காட்டும். 40 சென்ரிமீற்றர் வாயில் எட்டுக்கு 16.8 லீற்றர், ஏழுக்கு 13.8. செக்கனுக்கு மூன்று லீற்றர் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். கோல் தகட்டிலிருந்து அதிகபட்ச உயரத்தின் நான்கு மடங்கு மேலே, இந்த வாய்க்காலில் அரை மீற்றர் தள்ளி, கரையோரமாக நிற்க வேண்டும். அதன் பூச்சியத்தை வாயின் அடியோடு மேசனின் நீர்மட்டக் குழாயால் ஒப்பிட வேண்டும். சொல்லில் 'மேல்' இருக்கட்டும்: 'மேல்நீருயரம்'.

நிந்தவூர், மாணவர்:

சேர், அரம் போட்ட தகட்டை நாளை கழற்றிப் பார்க்கிறேன். 'மேல்நீருயரம்' என்றால் வாய்க்கால் அடியிலிருந்து அளக்கும் ஆழம் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். 41-ஐயும் 11-ஐயும் குழப்பிவிடும். 'விளிம்புமேல் உயரம்' என்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது தெளிவு.

சம்மாந்துறை, இளைப்பாறிய உத்தியோகத்தர்:

அதுவும் சரிதான். ஆனால் 'விளிம்புமேல்' என்றால் மறுபடியும் கோல் விளிம்புக்கு வந்துவிடும். எங்கிருந்து அளப்பது, எங்கே நின்று அளப்பது, இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க எனக்குத் தெரியவில்லை.

ஆயித்தியமலை, கமக்காரர்:

பெயரை நீங்கள் பேசி முடியுங்கள். தகடு 40-க்கு வெட்டக் கொடுத்துவிட்டேன். முனையைத் தீட்ட வேண்டாம், இரண்டு மில்லிமீற்றர் தட்டையாக விடு என்று சொன்னபோது ஒட்டுவேலைக்காரர் "அப்போது இது என்ன விளிம்பு?" என்று கேட்டார். எறிவிளிம்பு என்றேன். சரி என்று சோக்கட்டியால் தகட்டில் எழுதிக்கொண்டார். கோலுக்குப் பெயர் கேட்கவில்லை.