மேல்வீட்டுக் கிரைண்டரின் அதிர்வைக் குறைக்க வழி தேவை

வணக்கம். சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் தளத்தில் வசிக்கிறோம். மூன்று மாதங்களாக மேல்வீட்டு அம்மா அதிகாலை 4.30 மணிக்கு 10 லிட்டர் கிரைண்டரில் மாவு அரைக்கிறார். அந்த மாவு விற்பனைதான் அவருடைய வருமானம் என்பதால், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு என்ற விதியைக் காட்டிச் சங்கத்தில் புகார் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

நேரில் சொன்னதும், முகம் சுளிக்காமல் கிரைண்டருக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட்டார். கல் உருளும் சத்தம் குறைந்தது. ஆனால் தாழ்ந்த உறுமல் அப்படியே இருக்கிறது, எங்கள் படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. கிரைண்டர் நிற்பது சுவரோடு சேர்த்துக் கட்டிய கடப்பைக்கல் மேடையில். பொய்க்கூரை போடச் சொல்கிறார்கள். சுவர் வழியே இறங்குவதை அது தடுக்காது.

மேடையிலிருந்து இறக்கி, சுவரைத் தொடாமல் தரையில் ஸ்பிரிங் தாங்கிகளின் மேல் வைத்தால் இந்த அதிர்வு அடங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.