அப்பாவின் யுபிஐ லைட்டுக்கு எந்தப் பூட்டு ஏற்றது?

குழுவினருக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணி மலர்ச் சந்தையில் மல்லிகை விற்கும் என் அப்பாவின் ஃபோனில் முதன்முறையாக யுபிஐ லைட் அமைத்துத் தருகிறேன். ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே செலுத்தலாம் என்பதால், கூட்டத்தின் நடுவே வங்கிக் கணக்கின் பின் எண்ணை அவர் அழுத்த வேண்டியதில்லை. பணம் பெறுவதற்குப் பின் எண் கேட்டால் அது மோசடி என்பதையும் விளக்கிவிட்டேன்.

ஆனால் ஃபோன் தொலைந்தால், லைட்டில் உள்ள தொகைக்குத் திரைப்பூட்டே முக்கியக் காவல். ஈர விரல்களில் கைரேகை சரியாகப் பதிவதில்லை. கோடு இழுக்கும் பூட்டோ திரையில் தடம் விட்டுக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே ஆறு இலக்க எண் வைத்து, 5,000 வரை அனுமதி இருந்தாலும் இருப்பை 1,000 ரூபாய்க்குள் நிறுத்த எண்ணுகிறேன்.

பெற்றோருக்கு இதை அமைத்தவர்கள், ஃபோன் தொலைந்தபின் லைட் தொகையை எவ்வாறு மீட்டீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு மகள்