சத்தம் கேக்குது, சொல்லு விளங்கேல்ல: எஞ்சின் போட்காரரின் காதுக்குள் நடப்பது என்ன?

உவர்மலைச் செவிச்சோதகர்

நிலாவெளிப் பக்கத்து ஆள், 46 வயது. இருபது வருடத்துக்கு மேலாக ஃபைபர் போட்டின் பின்னுக்கு இருந்து அவுட்போர்ட் எஞ்சினின் கைபிடியைப் பிடித்தே தொழில். அவர் சொன்ன முறைப்பாடு ஒரே வரிதான்: "சத்தம் கேக்குது, சொல்லு விளங்கேல்ல." கூட வந்த மனைவி சொன்னது இன்னும் உதவியாக இருந்தது. மெல்லக் கதைத்தால் "என்ன?" என்கிறாராம், கொஞ்சம் உரத்துச் சொன்னால் "ஏன் கத்துற?" என்று ஏசுகிறாராம்.

ஓடியோகிராமில், அதாவது ஒவ்வொரு சுருதியும் எத்தனை டெசிபலில் கேட்கத் தொடங்குகிறது என்று காட்டும் வரைபடத்தில், வலது காது 250 முதல் 1000 ஹேர்ட்ஸ் வரை 10, 15 டெசிபல். அது நல்ல காது. 2000இல் 20. 4000இல் திடீரென 55க்கு விழுகிறது, 8000இல் 35க்கு ஏறி வருகிறது. இடது காதும் இதே வடிவம்தான், 4000இல் மட்டும் 65. காதுக்குப் பின் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்துச் சோதித்தபோதும் கோடு அதே பள்ளத்தில்தான் விழுந்தது. காதுக்குள் குறும்பி இல்லை, செவிப்பறை பளபளவென்று இருக்கிறது.

காற்றில் புறப்பட்ட சத்தம் மூளைக்குப் போகும் வழியில் எந்த இடத்தில் அறுபடுகிறது என்று இந்த இலக்கங்களே சொல்லும். இப்படிப்பட்டவர்களைப் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

உப்புவெளி சயன்ஸ் மாஸ்டர்

பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கிற ஒழுங்கில் பார்த்தால், செவிமடல் பிடிக்கிறது, செவிக்குழாயால் போகிறது, செவிப்பறை அதிர்கிறது. வருடக்கணக்காக எஞ்சின் அடி வாங்கின செவிப்பறை தடித்து இறுகிவிடும். இறுகினால் நுண்ணிய அதிர்வு எடுபடாது. மீன் வாடியில் ஏலம் கூறுகிறவர்களிலும் இரண்டு பேரை இப்படிக் கண்டிருக்கிறேன். காரணம் செவிப்பறைதான் என்று நினைக்கிறேன்.

உவர்மலைச் செவிச்சோதகர்

மாஸ்டர், ஒழுங்கு சரி, இடம் பிழை. செவிப்பறை பழுதென்றால் எலும்பு வழியாகக் கொடுக்கும் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் எலும்பின் அதிர்வு செவிப்பறையையும் சிற்றென்புகளையும் நம்பியிராமல் உட்காதைப் போய்ச் சேருகிறது. இவருக்கு இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. ஆகவே நடுக்காது வரை வழி திறந்துதான் இருக்கிறது.

அந்த நடுக்காதின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பலரும் அதைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். உட்காதில் இருப்பது திரவம். காற்றில் வரும் சத்தம் நேரே திரவத்தில் முட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும், மிச்சம் தெறித்துத் திரும்பிவிடும். இதற்காகத்தான் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு மூன்றும். செவிப்பறையில் அதிரும் பரப்பு ஏறத்தாழ 55 சதுர மில்லிமீற்றர். ஏந்தியுருவின் அடித்தட்டோ 3 சதுர மில்லிமீற்றர் சொச்சம். பெரிய பரப்பில் விழுந்த விசை சிறிய பரப்பில் குவிவதால் அமுக்கம் 17 மடங்கு ஆகிறது. எலும்புகளின் நெம்புகோல் வேலையால் இன்னும் 1.3 மடங்கு. பெருக்கினால் 22. தெறித்துப் போவதில் பெரும்பகுதியை இது ஈடு செய்துவிடும்.

ஏந்தியுரு நீள்வட்டப் பலகணியைத் தள்ளியதும் நத்தைச்சுருளுக்குள் அலை புறப்படுகிறது. சுருளை விரித்தால் 35 மில்லிமீற்றர் நீளம். உள்ளே நீளவாக்கில் ஒரு மென்சவ்வு இருக்கிறது. வாசல் பக்கம் அது ஒடுங்கி விறைப்பாக இருக்கும், நுனிப் பக்கம் அகன்று தளர்ந்திருக்கும். கீச்சென்ற சத்தம் வாசலிலேயே உச்சம் கொடுத்து அடங்கும், தவிலின் தொப்பிச் சத்தம் நுனி வரை போகும். எந்த இடம் கூட அதிர்கிறது என்பதே எந்தச் சுருதி என்பதற்கு அடையாளம். பேக்கசி இதைப் பிணங்களின் காதில் கண்ணால் பார்த்துத்தான் 1961இல் நோபல் பரிசு வாங்கினார்.

நம்ம ஆளுக்குப் பழுதானது 4000 ஹேர்ட்ஸுக்கு உரிய அந்தத் துண்டு. நுனிப் பக்கம் சுகமாக இருக்கிறது.

சவுண்ட் செற் குமாரு

எஞ்சின் சத்தம் பெரும்பாலும் கீழ்ச்சத்தம்தானே? மீட்டர் பிடித்துப் பார்த்தால் தெரியும். அப்படியென்றால் நுனிப் பக்கமல்லவா கெட வேண்டும்? ஏன் 4000?

உவர்மலைச் செவிச்சோதகர்

காரணம் செவிக்குழாயில் இருக்கிறது. அது ஒரு முனை மூடிய 2.5 சென்ரிமீற்றர் குழாய். அப்படிப்பட்ட குழாய் தன் நீளத்தைப் போல் நான்கு மடங்கு அலைநீளத்தை, அதாவது 10 சென்ரிமீற்றரை, தூக்கிக் கொடுக்கும். காற்றில் சத்தத்தின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர், 0.1ஆல் வகுத்தால் 3400 ஹேர்ட்ஸ். உண்மையான காதில் 3000ஐ ஒட்டி வரும். எஞ்சின் இரைச்சலில் எல்லாச் சுருதியும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதில் 3000ஐ மட்டும் நம் காதே பெருப்பித்து உள்ளே விடுகிறது.

இன்னொன்று, சத்தம் மிக உரமாக இருக்கும்போது மென்சவ்வின் உச்ச அதிர்வு வாசல் பக்கமாகக் கொஞ்சம் நகரும். அதனால் 3000இன் அடி அரை ஸ்தாயி மேலே, 4000க்குரிய இடத்தில் விழுகிறது. கீழ்ச்சத்தத்தை நடுக்காது அவ்வளவு நன்றாகக் கடத்துவதுமில்லை.

சவுண்ட் செற் குமாரு

சரி, அது பிடிபட்டது. ஆனால் பழைய லைன் போனில் 3400க்கு மேல ஒன்றுமே வராது. அதிலேயே எல்லாரும் கதைத்துப் பேசினோம். 4000 போனதற்கு ஏன் சொல் விளங்காமல் போக வேண்டும்?

கிளினிக் தாதி (ஓய்வு)

தம்பி நல்ல இடத்தில் பிடித்தீர். கிளினிக்கில் இப்படிப்பட்டவர்கள் அமைதியான அறையில் முக்கால்வாசி சரியாகவே பதில் சொல்வார்கள். வாடியிலும் கலியாண வீட்டிலும்தான் தோற்பார்கள். 'ச', 'த' போன்ற எழுத்துகளின் கூர் மேற்சுருதியில் இருப்பது உண்மை. "சட்டி" என்றது "தட்டி" ஆகும், பெண்கள் பிள்ளைகளின் குரல் முதலில் நழுவும். ஆனால் கதை அதோடு முடியாது.

மென்சவ்வின் மேல் மயிர்க்கலங்கள் இரண்டு வகை. உள் வரிசையில் 3500 அளவில், வெளி வரிசைகளில் 12,000 அளவில். மூளைக்குச் செய்தி அனுப்புவது பெரும்பாலும் உள் வரிசை. வெளி வரிசைக்காரர் செய்வது வேறு. சத்தத்தின் தாளத்துக்கு அவை நீண்டு குறுகும், அதனால் மென்சவ்வின் அந்தச் சிறு இடத்து அதிர்வு பலக்கும். இதில் இரண்டு இலாபம். மெல்லிய சத்தம் கேட்கும் அளவுக்கு ஏறும், பக்கத்துச் சுருதிகளிலிருந்து பிரிந்தும் நிற்கும். இரைச்சல் முதலில் தின்பது இந்த வெளி வரிசையை. செத்த கலம் மனிதருக்குத் திரும்ப முளைக்காது.

மனைவியின் முறைப்பாடு இதில்தான் விளங்கும். மெல்லிய சத்தத்துக்குத் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லை, எனவே "என்ன?" உரத்த சத்தத்துக்கு அந்த உதவியே தேவையில்லை, அது முழு உரத்தோடு வந்து விழும், எனவே "ஏன் கத்துற?" இரண்டுக்கும் நடுவில் வசதியாகக் கேட்கும் இடைவெளி சுருங்கிவிட்டது. வீட்டாருக்கு நான் சொல்வது: கத்தாதேயுங்கோ, முன்னுக்கு வந்து, முகம் தெரிய, கொஞ்சம் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கோ. கேட்கும் கருவி பூட்டினாலும் மெல்லியதைக் கூடவும் உரத்ததைக் குறையவும் பெருப்பிக்கும்படி சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவில் பெருப்பிக்கிற மலிவுச் சாமானை வாங்கிவிட்டு இரண்டு கிழமையில் அலுமாரிக்குள் வைத்தவர்கள் நிறையப் பேர்.

மூதூர் கடலோடி

எனக்கும் இதேதான் அண்ணமார். சங்கு குளிக்கப் போறனான். போன கிழமை தடிமனோட இறங்கினதில இருந்து இடது காது அடைச்சுப்போய் இருக்கு, என்ர குரலே உள்ள முழங்குது. மயிர்க்கலம் செத்துட்டுதோ? தேங்காயெண்ணை சூடாக்கி விடச் சொல்லுறாங்கள்.

கிளினிக் தாதி (ஓய்வு)

தம்பி, எண்ணெய் விடவேண்டாம், செவிப்பறை கிழிந்திருந்தால் நேரே நடுக்காதுக்குள் போய்விடும். உங்களுடையது வேறு கேஸ் போலத்தான் தெரிகிறது. வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கோ. அடைத்த காதில் முழக்கம் கூடக் கேட்டால் பழுது வெளியே, செவிப்பறை நடுக்காதுப் பக்கம். நல்ல காதில் கூடக் கேட்டால் உட்காதில் சந்தேகம்.

தடிமன் நேரம், நடுக்காதைத் தொண்டையோடு இணைக்கும் ஊத்தேக்கியாவின் குழாய் வீங்கி மூடும். தண்ணீரின் அமுக்கம் வெளியே ஏற, உள்ளே காற்று போய்ச் சமப்படுத்த வழி இல்லாமல் செவிப்பறை உள்ளே இழுபடும். முதல் சில மீற்றரில்தான் இது மோசம், நோகத் தொடங்கிய பிறகு மூக்கைப் பிடித்து ஊதினால் குழாய் திறக்காது. மேலே வந்துவிட வேண்டும். இப்போது காதைக் காட்டி, ஆறும் வரை இறங்காதேயுங்கோ. தலைச்சுற்று, திடீரென ஒரு காது கேட்காமல் போவது, முனகல் நல்ல காதுக்குப் போவது, இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ.

மூதூர் கடலோடி

முனகினா அடைச்ச பக்கம்தான் கூட. தலைச்சுற்று இல்ல. நாளைக்குக் காட்டுறன்.

உப்புவெளி சயன்ஸ் மாஸ்டர்

செவிப்பறைக் கதையை வாபஸ் வாங்குகிறேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் 512 ஹேர்ட்ஸ் இசைக்கவை இருக்கிறது. அதை வைத்து போட்காரர்களை நாங்களே சோதித்துவிடலாமா?

உவர்மலைச் செவிச்சோதகர்

கடலோடித் தம்பியைப் போன்றவர்களுக்கு உதவும். காதுப் பின்னெலும்பில் வைத்து, சத்தம் ஓய்ந்ததும் காதுக்கு முன் பிடித்தால் நல்ல நடுக்காதில் மறுபடி கேட்கும். போட்காரரில் ஏமாற்றிவிடும். அவருக்கு 500இல் குறையே இல்லை, சோதனையில் சித்தியடைந்து வீட்டுக்குப் போவார்.

ஆரம்பத்தில் பிடிக்க ஒரு கேள்வி போதும்: கரைக்கு வந்ததும் காது மந்தமாகி, விடிய எழும்பினால் சரியாகிறதா? ஆம் என்றால் கலங்கள் களைத்திருக்கின்றன. இதுவே திரும்பத் திரும்ப நடந்தால் ஒரு பகுதி மீளாது.

சவுண்ட் செற் குமாரு

ராவில் "ஈ..." என்று ஒரே இரைச்சல் என்கிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? காதிலா மூளையிலா?

உவர்மலைச் செவிச்சோதகர்

ஒவ்வொரு காதிலிருந்தும் 30,000 அளவில் நரம்பு நார்கள் மூளைத்தண்டுக்குப் போகின்றன. ஒவ்வொரு நாரும் சுருளின் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு உரியது, அந்த ஒழுங்கு கன்னப்பொறிப் பக்கத்து மூளைப் புறணி வரை குலையாது. 4000க்குரிய நார்களில் செய்தி குறைந்தால், அந்தப் பகுதிக்கு மூளை தன் உணர்திறனைத் தானே கூட்டிக்கொள்கிறது, அதுதான் இரைச்சலாகக் கேட்கிறது என்பது பலர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். ஆனால் அதே அளவு பள்ளம் உள்ள எல்லாருக்கும் இரைச்சல் வருவதில்லை, ஏன் என்பது தீர்ந்தபாடில்லை. இவருக்கு இருக்கிறது.

கிளினிக் தாதி (ஓய்வு)

இடது காது 10 டெசிபல் கூட விழுந்ததற்குக் காரணம் எழுதவில்லையே? கைபிடியை இடக்கையால் பிடிப்பதால் எஞ்சின் இடது காதுக்குக் கிட்டவா?

உவர்மலைச் செவிச்சோதகர்

நானும் அதைத்தான் நினைத்தேன், ஆனால் ஒருவரை வைத்துச் சொல்ல ஏலாது. குமாரு, உங்கள் மீட்டரை ஓடும் போட்டில் இரண்டு காது உயரத்திலும் பிடித்துத் தருவீர்களா? காது கேட்கும் விதத்தை ஒட்டி அளக்கும் A நிறையில் வையுங்கள். 85 என்றால் நாளுக்கு 8 மணித்தியாலம் வரை, பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 94 காட்டினால் 1 மணித்தியாலம்தான்.

சவுண்ட் செற் குமாரு

15 குதிரைவலுவிலும் 40இலும் பிடிக்கிறேன். காற்று மைக்கில் அடிக்காமல் பஞ்சு உறை போட வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினை விடக் காற்றுத்தான் பதியும். காதுக்குப் பஞ்சு வைக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன், அது காணுமா?

உவர்மலைச் செவிச்சோதகர்

சும்மா பஞ்சு காணாது. ஃபோம் அடைப்பானை ஒடுக்கமாக உருட்டி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு 30 செக்கன் அமத்திப் பிடிக்க வேண்டும். பாதி வெளியே நின்றால் போட்டும் போடாத மாதிரித்தான்.